கூலி வாங்காமல் தைத்த ஜம்பர்கள்

கண்ணாடி முன்னால் நின்று தன் புது ஜம்பரை, அதாவது ரவிக்கையை, பார்த்துச் சிரிக்கிற ஒருத்தியிடம், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஓர் உதவியைக் கேட்பது சரியா? இரண்டு வருஷமாக யோசிக்கிறேன், விடை கிடைக்கவில்லை. கேட்டால் அவள் சந்தோஷத்தைப் பறிப்பது போல இருக்கிறது. கேட்காமல் விட்டால் அவள் ஜம்பரை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு எங்களை மறந்துவிடுகிறாள். நான் கேட்டேன். கேட்டதனால்தான் எங்கள் கடை இன்றும் இருக்கிறது.

கடை என்று சொல்வது அதிகம்தான். இரணியல் சந்தைக்குப் போகிற ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. அதை ஒட்டி முன்பு மூட்டை போட்டுவைத்திருந்த ஓர் அறை. அதில் ஒரு தையல் மிஷின், வெட்டுவதற்கு ஒரு மேசை, ரசம் போன ஒரு கண்ணாடி, மூலையில் அப்போது எட்டு மாதமான என் குழந்தைக்கு ஒரு தொட்டில். தைப்பவர் மைனி, என் கணவரின் அக்கா. அளவு ஜம்பரைக் கையில் வாங்கி ஒரு தடவை உதறிப் பார்த்தாரானால் டேப்பு வேண்டாம், கத்திரி தானாகப் போகும். எனக்கு வெட்டவும் வராது, மிஷின் மிதிக்கவும் வராது. கொக்கி வைப்பேன், ஓரம் அடிப்பேன், நோட்டில் எழுதுவேன். மாலையில் கடையைச் சாத்தும் முன் ஊசிகளை எண்ணுவேன். ஒன்று குறைந்தாலும் விளக்குமாற்றோடு தரையில் உட்கார்ந்துவிடுவேன். குழந்தை தவழத் தொடங்கியிருந்த காலம் அது.

மைனியின் கணவர் இறந்தபின் ஆறு வருஷம் அவர் கொழுந்தன்மார் வீட்டில் நெல் அவித்தும் சாணி வாரியும் இருந்தார். மிஷினும் இந்த அறையும் வந்தபிறகுதான் எங்களோடு வந்து சேர்ந்தார். இந்த அறை இல்லையென்றால் திரும்பவும் அங்கேதான் போக வேண்டும் என்பது அந்த வீட்டார் போட்டிருந்த பேச்சு. "பொம்பளைக்கு எதுக்கு கடை, ரெண்டு மாசம் பாத்துட்டு வந்திருவா" என்று அவர்கள் சொன்னதை எனக்குச் சொன்னவர்கள் நிறையப் பேர்.

தை மாதக் கடைசியில் ஜவுளிக்கடை முதலாளி வந்து நின்றார். நல்ல மனிதர்தான். கெட்டதைச் சொல்லும்போதும் வெற்றிலையை மென்றுகொண்டே நயமாகச் சொல்லுவார்.

"மக்களே, நான் இந்த ரூமை உங்களுக்குத் தந்தது எதுக்கு? துணி எடுக்க வாற பெண்ணுங்க இஞ்சயே தைக்கக் கொடுத்தா, இன்னொரு துண்டு சேத்து எடுப்பாளுவ. அதுக்குத்தான். உங்ககிட்ட எத்தன வீடு தைக்குது?"

நான் நோட்டைப் பார்த்துப் பதினொன்று என்றேன்.

"நாகர்கோயில்லேருந்து ஒரு தையக்காரன் கேக்கான். அவன் வந்தா நூறு வீடு கூட வரும். சித்திரை விஷுவுக்கு முப்பது வீட்டக் காட்டுங்க. இல்லன்னா எனக்கு வேற வழியில்ல, கேட்டியளா?"

அவர் போனதும் மைனி கத்திரியை மேசைமேல் வைத்தார். சாதாரணமாக அவர் அப்படி வைக்கமாட்டார், ஆணியில் மாட்டுவார்.

"நல்லாத் தச்சா ஆளு தானா வரும்ணு நெனச்சேன்" என்றார்.

"வாறவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதானே சொல்லுதாவ மைனி?"

"சொல்லுதாவ. யாருகிட்ட? நம்மகிட்ட. அடுத்த வீட்டுக்காரிகிட்ட சொன்னாத்தானே ஏட்டி சோறு?"

அந்த வாக்கிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. எங்களிடம் தைத்து மனம் நிறைந்தவர்களே அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். அவர்கள் ஓர் ஆளைக் கூட்டிவந்தால் அவர்களுக்கு ஒரு ஜம்பர் கூலி வாங்காமல் தைத்துத் தரலாம் என்றேன். சொன்ன உடனேயே பயம் பிடித்துக்கொண்டது. எல்லாரும் கூட்டிவந்து எல்லாருக்கும் கூலியில்லாமல் தைத்தால் என்ன ஆகும்? சொந்த அக்காளையே புது ஆள் என்று கூட்டிவந்தால்? இரண்டு பேர் ஒரே ஆளை நான்தான் கூட்டிவந்தேன் என்றால்? மைனி தூங்குகிற குழந்தையைக் காட்டி, "இதுக்கு மீசை மொளச்சா என்ன செய்யதுன்னும் இப்பவே யோசி" என்றார். பெண் குழந்தை அது.

ஆனால் யோசித்தது வீண்போகவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து விதிகளை எழுதினேன். புது ஆள் என்றால், அவள் வீட்டிலிருந்து அதுவரை ஒருவரும் எங்களிடம் தைத்திருக்கக் கூடாது. அவள் இரண்டு ஜம்பராவது தைக்கக் கொடுத்து, கூலி கொடுத்து, தைத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பிறகுதான் கூட்டிவந்தவளுக்குப் பரிசு. இரண்டுக்குக் கூலி வந்தபின் ஒன்றைக் கூலியில்லாமல் தைப்பதால் எங்களுக்குக் கையைக் கடிக்காது. பரிசு என்பது தையல்தான், காசாகக் கிடையாது. துணி அவளுடையது, நூலும் கொக்கியும் எங்களுடையவை. ஒருத்திக்கு மூன்று பேர் வரைதான். பங்குனி முடிவதற்குள் கூட்டிவர வேண்டும், ஆடி முடிவதற்குள் பரிசைத் தைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவள் தன்னை யார் அனுப்பினார் என்று பெயரைச் சொல்ல வேண்டும். சொன்ன பெயர் எதுவோ அவளுக்கே பரிசு. சண்டைக்கு இடமே இல்லை என்று அந்தக் கடைசி விதியை எழுதியபோது எனக்கு என்மேலேயே மதிப்பு வந்தது.

மைனி ஒன்றைச் சேர்த்தார். "புதுசா வாறவளுக்கு ஒண்ணும் இல்லியா? பிரண்டுக்காரிக்கு ஜம்பர் கெடைக்கதுக்காக நான் எதுக்கு நடக்கணும்ணு கேப்பா." அதனால் புதிதாக வருகிறவளின் முதல் ஜம்பர் கையில் ஒரு வரி லேஸ் வைத்துக் கொடுப்பது என்று முடிவானது.

பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கும் என் கணவர் நான் எழுதியதை வாங்கித் திருத்தினார். "அன்புடையீர், தாங்கள் எமது தையற் பணியால் உவகையுற்றிருப்பின்" என்று அது தொடங்கியது. மைனி கேட்டுவிட்டு, "இது சாவு ஓலையா கல்யாண ஓலையா?" என்றார். அவர் அதற்குப்பின் திருத்தவில்லை.

முதலில் சொல்லவேண்டி வந்தது தபால்காரர் மனைவியிடம். நன்றாகப் பேசுகிறவர், ஊரில் பாதிப் பேருக்குப் பழக்கம். ஊதாப் பூப்போட்ட ஜம்பரைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றார். நான் நோட்டை எடுத்து, வீட்டில் ஒருவரும் தைத்திருக்கக் கூடாது, காசாகத் தரமாட்டோம், மூன்று பேருக்கு மேல் கிடையாது, பங்குனிக்குப் பின் வந்தால் கணக்கில்லை என்று வரிசையாகப் படித்தேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"நான் என்ன மக்கா தப்புச் செய்தேன்?" என்றார்.

பரிசு என்ற இடத்துக்கு நான் வந்தபோது குழந்தை அழுதது. தூக்கிக்கொண்டு திரும்பினால் அவர் ரோட்டில் இறங்கியிருந்தார்.

மைனி மிஷினை நிறுத்தினார். "ஏட்டி, தர்றத முதல்ல சொல்லு. முள்ளைக் காட்டிட்டு மீனை வெளம்புவாளா? குடு, குடுத்துட்டு, இன்ன இன்னதுக்குத்தான்னு பைய சொல்லு. ஒண்ணையும் மறைக்காத, ஆனா ஒரு மூச்சில முடி."

மறுபடி எழுதினேன். இது இரண்டு வருஷமாக நான் சொல்லி வருவது, மனப்பாடம். முதலில் அவர் கண்ணாடியில் பார்த்துத் திருப்தியாகும்வரை பேசாமல் இருப்பேன். எங்காவது பிடிக்கிறது என்றாலோ, முகம் சுளித்தாலோ, பிரித்துத் தைத்துக் கொடுப்பதோடு சரி, அன்றைக்கு எதுவும் கேட்கமாட்டேன். திருப்தி என்றால் மட்டும் இப்படிச் சொல்லுவேன்:

"அக்கா, உங்களுக்கு ஒரு ஜம்பர் கூலியில்லாமல் தைத்துத் தர ஆசைப்படுகிறோம். உங்களுக்குத் தெரிந்த ஒருத்தரை எங்களிடம் அனுப்புங்கள். அவர் வீட்டில் இதுவரை யாரும் இங்கே தைக்காதவராக இருக்க வேண்டும். அவர் இரண்டு ஜம்பர் தைத்து வாங்கிப் போன அன்றைக்கே உங்களுடையது ஒன்று எங்கள் பொறுப்பு. துணி மட்டும் உங்களுடையது. மூன்று பேர்வரை அனுப்பலாம், பங்குனி கடைசிவரை. அவருக்கும் கையில் லேஸ் வைத்துத் தருவோம். விருப்பமில்லையென்றால் ஒன்றுமில்லை அக்கா, நீங்கள் வந்தாலே போதும்."

கடைசி வரி மைனிக்குப் பிடிக்கவில்லை. நான்தான் அடம்பிடித்து வைத்தேன். அது இல்லாமல் என்னால் மீதியைச் சொல்ல முடியவில்லை.

தபால்காரர் மனைவியின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் கைதட்டிச் சிரித்தார். "இதை அண்ணைக்கே சொல்லப்பிடாதா? நான் வரி போடுதியோன்னு பயந்துபோனேன்."

மாசி பிறந்தது. புது ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் மிஷன் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். யார் அனுப்பினார் என்று கேட்டதும், ஆஜர் சொல்கிற மாதிரிக் கணீரென்று ஒரு பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். விதி வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் புரியாத புதிராக இருந்தார்கள். யார் அனுப்பினார் என்றால் ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி, "சும்மாத்தான் வந்தேன்" என்றாள். இன்னொருத்தி கூரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் சொன்னாவ" என்றாள். அவர்கள் எல்லார் பெயருக்கு எதிரிலும் "தானாக வந்தது" என்று எழுதினேன். கூட்டிவருவதாகச் சொன்ன எங்கள் பதினொரு பேரில், டீச்சரை அனுப்பியவரைத் தவிர எல்லாரும் வாயளவில் சொல்லி விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். என் பேச்சில்தான் கோளாறு என்று ராத்திரியும் பகலும் அதையே மாற்றி மாற்றி எழுதினேன்.

மூன்றாவது வாரம் தபால்காரர் மனைவி ஒரு சிவப்புத் துணியோடு வந்தார்.

"இந்தா, எனக்க கூலியில்லாத ஜம்பர். மூணு பேர அனுப்பியாச்சு. முதல்ல இதத் தையுங்க."

நோட்டைப் புரட்டினேன். அவர் பெயர் எங்கேயும் இல்லை.

"அக்கா, உங்க பெயரை யாரும் சொல்லவில்லையே."

"சொல்லலியா? எனக்க கூடத்தான் அந்தச் சின்னப்பெண்ணு ரோடு முக்கு வரை வந்தா. நான் கைகாட்டி விட்டேன்."

"யாரும் சொல்லவில்லை அக்கா. விதியில்..."

"அப்போ நான் கள்ளம் சொல்லுதேனா?" அவர் குரல் ரோட்டுக்குக் கேட்டது. "ஆளு வேணும்ணா அக்கா அக்கான்னு வீட்டுக்கு வருவா. ஆளு வந்தாச்சுன்னா நோட்டைக் காட்டுவா. கொள்ளாம் உனக்க படிப்பு! இதைக் குளத்தங்கரையில சொல்லுதேன் பாரு."

சிவப்புத் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் சொல்லுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குளத்தங்கரையில் ஒரு காலைப்பொழுது போதும், இருக்கிற வீடுகளும் போய்விடும். மைனி மிஷினில் நூலைக் கோக்க மூன்று தடவை முயன்றார். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, இவர் மறுபடி அந்த வீட்டுக் களத்தில் நெல் கிண்டுவதற்கு நானே வழிசெய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே ஒரு பெண் தைத்த ஜம்பர்களை வாங்க வந்தாள். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. லேஸ் வைத்த கையைத் தடவிப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. நான் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். "உண்மையைச் சொல்லு தங்கச்சி. உன்னை யார் அனுப்பினாங்க?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொன்னா என்ன?"

"சொல்லப்பிடாது அக்கா."

"ஏன், அவங்க சொல்லக்கூடாதுன்னாங்களா?"

"இல்ல." குரலைத் தணித்தாள். "அது எனக்க மாமியாருக்க பேரு."

மைனி மிஷின்மேல் தலையை வைத்துச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. நானே என் கணவர் பெயரை இதுவரை வாயால் சொன்னதில்லை. டாக்டர் கேட்டால் குழந்தையின் சீட்டைக் காட்டுவேன். மாமனார் பெயரும் முருங்கைக்காய் விற்கிற கிழவர் பெயரும் ஒன்று என்பதால் அவரை "காய்க்காரரே" என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் விதி எழுத உட்கார்ந்தபோது மட்டும் பள்ளிக்கூடத்துப் பெண்ணாகிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டால் சொல்லுவோமே, அந்த ஞாபகம். எங்கள் பக்கத்தில் இருக்கிற பெயர்களோ பத்தோ பதினைந்தோதான். பாட்டி பெயர் பேத்திக்கு வரும். ஒரு தெருவில் நான்கு பேருக்கு அம்மன் பெயர். அனுப்பினவள் பெயர் வருகிறவளின் மாமியாருக்கோ, மாமியாரின் மாமியாருக்கோ இருக்காமல் எப்படி இருக்கும்? சொல்லவும் முடியாமல், ஏன் சொல்லவில்லை என்று சொல்லவும் கூச்சப்பட்டுக் கூரையைப் பார்த்திருக்கிறார்கள்.

"பெயர் வேண்டாம். அந்த அக்கா வீட்டு வாசலில் என்ன இருக்கு, அதைச் சொல்லு" என்றேன்.

"செவப்புத் தபால் பெட்டி."

போதும். "தானாக வந்தது" என்று எழுதிய மற்ற ஆறு பேர் வீட்டுக்கும் மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். தென்னை சாய்ந்த வீடா, கிணற்றடி வீடா, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற வீடா என்று கேட்டேன். தலையாட்டினார்கள். ஆறு பேரில் ஒருத்திகூடத் தானாக வரவில்லை.

ஆனால் இனி வருகிறவர்களிடம் எல்லாம் தென்னை மரத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தென்னை எல்லா வீட்டிலும் உண்டு. திரும்பி வந்து மேசையடியில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஊதாப் பூப்போட்ட ஒரு துண்டு கையில் வந்தது. தபால்காரர் மனைவியின் ஜம்பரில் மிஞ்சியது. பார்த்த உடனே அவர் முகம் ஞாபகம் வந்தது.

"மைனி," என்றேன், "பெயருக்குப் பதிலாக இதைக் கொண்டு வந்தால்?"

அவர் துண்டை வாங்கி விரலில் உருட்டினார். பிறகு கத்திரியை எடுத்தார். ஒவ்வொருவரும் தைத்த துணியில் மிஞ்சிய துண்டை நான்கு சிறு சதுரமாக வெட்டுவது. ஒன்று எங்கள் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே குத்தியிருக்கும். மூன்றை அவரிடம் கொடுத்துவிடுவது. அவர் யாரை அனுப்புகிறாரோ அவரிடம் ஒன்று. அது இங்கே வந்தால் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு துண்டுக்கு ஒரு ஆள். மூன்றுக்குமேல் கிடையாது என்று நான் யாரோடும் வாதாடவேண்டிய அவசியமும் போயிற்று.

"ரெண்டு பேரு ஒரே துணி எடுத்தா?" என்றேன். என்னால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. முதலாளி ஒரே பாப்ளின் கட்டிலிருந்து ஐந்து பேருக்குக் கிழித்திருப்பார்.

மைனி ஊசி எடுத்தார். ஊதாத் துண்டுகளில் மஞ்சள் நூலால் ஒரு புள்ளி போட்டார். அடுத்தவருக்குப் பச்சையில் இரண்டு. ஒரே துணியாக இருந்தாலும் புள்ளி மாறும்.

மறுநாள் தபால்காரர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் திரும்ப மூடப் பார்த்தார். "தப்பு என்னுடையது அக்கா" என்று தொடங்கி நடந்ததைச் சொன்னேன். மாமியார் பெயர் என்ற இடத்தில் அவர் முகத்தில் இருந்த இறுக்கம் உடைந்தது.

"அய்யோ! அவளுக்க மாமியாளுக்கும் எனக்க பேருதான்லா! எனக்கு ஓர்மையே இல்ல பாத்தியா! பாவம் அந்தப் பெண்ணு!" சிரித்துக்கொண்டே சிவப்புத் துணியை எடுத்துவந்து என் தோளில் போட்டார். "குளத்தங்கரையில ரெண்டு பேருகிட்டத்தான் சொன்னேன் கேட்டியா. நாளைக்குப் போய் மாத்திச் சொல்லிருதேன்."

அவருடைய மூன்று ஆளும் முடிந்துவிட்டதால் இந்த வருஷம் அவருக்குத் துண்டு கிடையாது என்றேன். அதற்கு அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். கோபப்படவில்லை. "அப்போ அடுத்த வருஷம்" என்றார்.

கும்பப்பூ அறுப்பு முடிந்து கையில் நெல் வந்த சமயம் அது. துணி எடுக்க ஜனங்கள் சந்தைக்கு வந்தார்கள். சந்தை நாளில் எங்கள் அறை வாசலில் பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். உள்ளே ஒரு துண்டுத் துணி. யார் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நீட்டினார்கள், நோட்டில் வைத்துப் பார்த்தேன், எழுதினேன். மணவாளக்குறிச்சியிலிருந்து ஒருத்தி இரண்டு சேக்காளிகளோடு வந்தாள். ஒரு கிழவி எங்கள் துண்டை வெற்றிலைப் பைக்குள் பத்திரமாக வைத்திருந்து, சுண்ணாம்பு ஒட்டியபடி எடுத்துக் கொடுத்தார். புதிதாகத் தைத்தவர்களுக்கும் அதே பேச்சு, அதே மூன்று துண்டு. அவர்களும் அனுப்பினார்கள். மைனிக்குக் கால் வீங்கியது. மாலையில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "இன்னும் கேளு ஏட்டி, வாயை மூடாத" என்றார்.

சித்திரை விஷுவுக்கு முந்தின நாள் முதலாளி வந்தார். நாங்கள் அறையைக் கூட்டி வைத்திருந்தோம். நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். குழந்தையை மைனியிடம் கொடுத்துவிட்டேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, குத்தியிருந்த துணிகளைப் பார்த்தார். அவர் கடைத் துணி எதுவென்று அவருக்குத் தெரியாதா? ஒவ்வொரு துண்டையும் விரலால் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். இருபது தாண்டியது. முப்பதில் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தார். மேலே போனார். முப்பத்தெட்டாவது துண்டில் விரல் அசையாமல் நின்றது. நீலத்தில் பொடிக்கட்டம் போட்டது.

"இது யாருக்க?"

நானும் மைனியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இந்தக் கட்டு நான் கடைக்கு எடுத்து வைக்கல்ல. வீட்டுக்கு மட்டுந்தான் எடுத்தேன்." அவர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். "எனக்க வீட்டுக்காரியா?"

மைனி குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே சொன்னார். "போன வாரம் வந்தாவ முதலாளி. துண்டு கொண்டுதான் வந்தாவ. நாகர்கோயில்ல தைக்கது கக்கத்துல பிடிக்குதாம்."

அவர் சிரித்த சிரிப்பில் ஜவுளிக்கடை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. அறை எங்களுக்கு மூன்று வருஷத்துக்கு என்று அங்கேயே சொன்னார். நாகர்கோவில்காரருக்கு வேண்டாமென்று ஆள் விடுவதாகவும் சொன்னார். போகும்போது திரும்பி, "எனக்க வீட்டுக்காரிய யாரு அனுப்பினா?" என்று கேட்டார். "அதைச் சொல்ல மாட்டோம்" என்றேன். அப்படி ஒரு பதில் என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமைதான்.

மறுநாள் காலை கொழுந்தன்மார் வீட்டிலிருந்து விஷுவுக்குக் கைநீட்டம் கொடுக்கிற சாக்கில் ஆள் வந்தது. மைனியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறார்கள். மைனி அவர்கள் கொடுத்த நாணயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வெட்டு கெடக்கு, முப்பத்தாறு ஜம்பர் பாக்கி" என்றார். வந்தவர் மருமகளுக்கு ஒரு ஜம்பர் தைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அது நாற்பத்து மூன்றாவது வீடு.

சொன்னபடி பரிசுகளை எல்லாம் ஆடிக்குள் தைத்துக் கொடுத்தோம், ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. போன மாசியில் இரண்டாம் முறையும் இதைச் செய்தோம். வரும் மாசிக்கு விதிகளை மறுபடி எழுத வேண்டும். அங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். போன முறை ஒருத்தி தன் ஓரகத்தியைக் கூட்டிவந்தாள். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறார்கள். ஆனால் அண்ணன் தம்பி பாகம் பிரிந்து, நடுவில் ஓலைத் தட்டி வைத்து, அடுப்பு இரண்டாகிவிட்டது. ஒருத்தி குழம்பை இன்னொருத்தி தொடுவதில்லை. ஜம்பர் விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. என் விதிப்படி ஒரே வீடு, பரிசு கிடையாது. அவர்கள் சொல்படி இரண்டு வீடு. கொடுத்தால், நாளைக்கு ஊரில் பாதி வீட்டில் ஓலை எழும்புமோ என்று பயம். கொடுக்காவிட்டால், பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்த ஒரே காரியத்தை நான் கெடுத்ததாகும். மைனி, "குடுத்துத் தொலை" என்கிறார். என் கணவர் வாசற்படியை எண்ண வேண்டும் என்கிறார். நான் அவர்களிடம் பங்குனிக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். கூட்டுக்குடும்பத்தில் இருந்து பாகம் பிரிந்தவர்களும், கடை நடத்திப் பழகியவர்களும் இதைப் படித்தால், அடுப்பை எண்ணுவதா, வாசலை எண்ணுவதா என்று எனக்குத் தயவுசெய்து எழுதுங்கள்.